ஒரு நிமிடச் சுருக்கம் பத்து நிமிடமான கதை

வாரக் கூட்டம் தொடங்கும்போது போன வார முடிவுகளை ஒரு நிமிடத்தில் சொல்வது என் வேலை. அது தவறாமல் பத்து நிமிடத்தைத் தின்றது. முடிந்துபோன விஷயத்துக்கே மறுபடி வாதம்.

முதலில் குறிப்பேட்டை அப்படியே வாசித்தேன். பாதிப் பேர் கைப்பேசிக்குள் போய்விட்டார்கள். பிறகு 90 சொற்களாகச் சுருக்கினேன். கடிகாரப்படி ஒரு நிமிடம்தான், வாதம் மட்டும் நிற்கவில்லை. இப்படியே மூன்று வாரம் வீண்.

கோளாறு நீளத்தில் இல்லை, வினைச்சொல்லில் இருந்தது. "சோதனை முடியாததால் வெளியீட்டைத் தள்ளிவைப்பது பற்றிப் பேசினோம்" என்று எழுதியிருந்தேன். 'பேசினோம்' என்றால் இன்னும் பேசலாம் என்றுதானே காதில் விழும்? காரணத்தையும் சேர்த்துச் சொன்னால், அதை மறுக்க ஒருவர் தயாராக இருப்பார்.

இப்போது எழுதுவது இப்படி: "வெளியீடு 14ஆம் தேதிக்கு மாறியது. சோதனைப் பட்டியலை வடிவமைப்புக் குழு புதன்கிழமைக்குள் தருவதாக ஏற்றது; தந்துவிட்டது. விலை முடிவாகவில்லை, இன்று முதலில் அதுதான்."

முடிவாகாதது கடைசியில் வருவதால் கூட்டம் அங்கிருந்தே தொடங்கிவிடுகிறது. போன வாரம் வராதவருக்குக் காரணம் தெரிய வேண்டுமே! அதை அவரிடம் கூட்டத்துக்கு முன்பே தனியாகச் சொல்லிவிடுகிறேன்.