டப்பிங் ஆடியோ போட்டது பலன் தந்ததா? பார்வை நேரத்தை வைத்துக் கண்டுபிடிக்கும் முறை

என் யூடியூப் சேனலின் மூல மொழி ஆங்கிலம். மெக்சிகோவிலிருந்து ஓரளவு பார்வை நேரம் வந்துகொண்டிருந்ததால், சில வீடியோக்களுக்கு ஸ்பானிஷ் ஆடியோ சேர்த்தேன். ஒரு மாதத்தில் ஸ்பானிஷ் ட்ராக்கில் நிறைய மணி நேரம் பதிவாகியிருந்தது. எல்லா வீடியோக்களுக்கும் டப்பிங் செய்யக் கிளம்பிவிட்டேன். அந்த எண்ணைப் படித்த விதம் தவறு என்பது பிறகுதான் புரிந்தது.

முதலில், எந்த மொழி என்று தேர்ந்தெடுப்பது. கணினியில் ஸ்டூடியோவைத் திறந்து Analytics, அதில் Advanced mode, அதில் Geography. நாடுவாரியாக Watch time (hours) வரும். இதை மட்டும் பார்த்து மொழியை முடிவு செய்யாதீர்கள். ஆங்கிலம் புரிவதால்தான் அவர்கள் ஏற்கெனவே பார்க்கிறார்கள். அந்த நாட்டை வடிகட்டியில் வைத்துக்கொண்டு, சப்டைட்டில் பிரிவில் ஸ்பானிஷ் எவ்வளவு பயன்படுகிறது என்று பாருங்கள். வசனத்தை வாசித்துக்கொண்டே பார்ப்பவர்கள் இருந்தால், அந்த மொழியில் குரலுக்குத் தேவை இருக்கிறது என்று கொள்ளலாம்.

அடுத்து, சோதனைக்கான வீடியோக்கள். வெளியாகி மூன்று மாதமாவது ஆன, பார்வை நிலையாக வரும் பத்து வீடியோக்களை எடுங்கள். புது வீடியோ முதல் வாரங்களில் ஏறி இறங்குவதால் ஒப்பிட உதவாது. ஐந்துக்கு டப்பிங் போடுங்கள், ஐந்தை அப்படியே விடுங்கள். இரண்டையும் தனித்தனி குரூப்பாகச் சேமித்து வைத்தால் ஒவ்வொரு முறையும் தேட வேண்டாம்.

நான் சறுக்கிய இடம் இனிமேல்தான். Audio track பிரிவில் ஸ்பானிஷுக்கு நேராக 45 மணி நேரம் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த 45-ம் டப்பிங் கொண்டுவந்தது அல்ல. பார்ப்பவரின் மொழிக்கு ஏற்ற ட்ராக்கை யூடியூப் தானாகவே ஓடவிடும். நேற்றுவரை ஆங்கிலத்தில் பார்த்தவர் இன்று ஸ்பானிஷில் பார்க்கிறார். மணி நேரம் ஒரு ட்ராக்கிலிருந்து இன்னொன்றுக்கு இடம் மாறியிருக்கிறது, கூடவில்லை. அதனால் ட்ராக்கின் எண்ணை விட்டுவிட்டு, அந்த நாட்டின் மொத்தத்தைப் பாருங்கள்.

டப்பிங்குக்கு முந்தைய 28 நாளில் மெக்சிகோவிலிருந்து இரண்டு குரூப்புக்கும் தலா 40 மணி நேரம். அடுத்த 28 நாளில் டப்பிங் போட்ட குரூப்புக்கு 70 (ஸ்பானிஷில் 45, ஆங்கிலத்தில் 25). போடாத குரூப்புக்கு 50. எதுவும் செய்யாமலே அங்கே கால் பங்கு ஏறியிருக்கிறது, ஆகவே டப்பிங் இல்லாவிட்டாலும் முதல் குரூப் 50-ஐத் தொட்டிருக்கும். உண்மையான லாபம் 20 மணி நேரம்தான். 45 அல்ல, 30-ம் அல்ல.

ஸ்டூடியோவின் ஒப்பீட்டுத் திரையைவிட எனக்கு கூகுள் ஷீட்ஸ்தான் வசதி. அதில் இந்தக் கழித்தலைச் செய்ய முடிகிறது. இரண்டாம் வரிசையில் டப்பிங் குரூப், மூன்றாவதில் மற்றது. B முன்பு, C பின்பு.

```
=C2-B2*(C3/B3)
```

இப்போது செலவு. ஒரு வீடியோவுக்கு மொழிபெயர்ப்பு, பதிவு, சரிபார்ப்பு என்று நான்கு மணி நேரம் போனால், ஐந்துக்கு 20 மணி நேர உழைப்பு. அதே நாட்டின் வருவாயை அதே நாட்களின் பார்வை நேரத்தால் வகுத்தால் ஒரு மணி நேரத்தின் மதிப்பு கிடைக்கும். அதை லாபமாக வந்த 20 மணி நேரத்தால் பெருக்குங்கள். பழைய வீடியோ தொடர்ந்து ஓடும் என்பதால் ஓராண்டுக்குக் கணக்கிட்டு, உங்கள் உழைப்போடு ஒப்பிடுங்கள். ஒரே மாதத்தை வைத்துக் கைவிட வேண்டாம்.

லாபம் குறைவாக வந்தால், அந்த நாட்டில் இரண்டு ட்ராக்கின் சராசரி பார்வை நேரத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஸ்பானிஷ் கொஞ்சம் குறைவாக இருப்பது இயல்பு. பாதிக்கும் கீழே போனால், ஆள் வருகிறார், குரலைக் கேட்டதும் போய்விடுகிறார் என்று அர்த்தம். என் டப்பிங்கில் திரையில் நடப்பதற்குப் பின்னால்தான் குரல் வந்துகொண்டிருந்தது. அதைச் சரிசெய்யாமல் இன்னொரு வீடியோவுக்கு டப்பிங் போட்டிருந்தால் வீண் வேலை.

பின்சேர்க்கை: டப்பிங் போட்ட அன்றே தலைப்பையும் ஸ்பானிஷில் மாற்றியதாகவும், எது வேலை செய்தது என்று தெரியவில்லை என்றும் ஒரு வாசகர் பின்னூட்டத்தில் எழுதியிருந்தார். நியாயமான கேள்வி. தலைப்பு மொழிபெயர்ப்பை இரண்டு குரூப்புக்கும் முன்கூட்டியே போட்டுவிட்டு, 28 நாள் கழித்து ஒரு குரூப்புக்கு மட்டும் ஆடியோவைச் சேருங்கள்.

இன்னொருவர், மெக்சிகோவில் லாபம் இல்லை என்று ட்ராக்கை நீக்கிவிட்டார். நீக்கும் முன் Audio track-இல் ஸ்பானிஷைத் தேர்ந்தெடுத்து நாடுகளைப் பாருங்கள். அமெரிக்காவிலும் ஸ்பானிஷில் கேட்பவர்கள் ஏராளம். அங்கே கணிசமான நேரம் தெரிந்தால், மேலே சொன்ன கழித்தலை அந்த நாட்டுக்கும் ஒருமுறை செய்துவிட்டு முடிவெடுங்கள்.