"உங்க ப்ராஜெக்ட் பத்தி சொல்லுங்க": ஃப்ரெஷர்ஸ் அதிகமா கோட்டை விடுற கேள்வி இதுதான்

நான் ஹெச்ஆர்ல இருக்கேன், ஃப்ரெஷர்ஸ் இன்டர்வியூ பேனல்ல நிறைய உட்கார்ந்திருக்கேன். டிரெஸ், ஷேக் ஹேண்ட், கண்ணைப் பாத்துப் பேசுறதெல்லாம் ஏற்கனவே நிறைய பேர் சொல்லிட்டாங்க, அதனால செலக்ஷன் மாறுறதை நான் பெருசா பாத்ததில்ல. நல்லா படிச்ச பசங்களே சறுக்குற இடம் ப்ராஜெக்ட் கேள்விதான், அதை மட்டும் கொஞ்சம் விரிவா சொல்றேன்.

முதல்ல இந்தக் கேள்வியை ஏன் கேக்குறோம்னு தெரிஞ்சுக்கோங்க. ஃப்ரெஷர்கிட்ட வேலை அனுபவம் கிடையாது, மார்க் வெச்சு மட்டும் முடிவு பண்ண முடியாது, ஒரு ஆள் ஒரு விஷயத்தை ஆரம்பிச்சு முடிச்சிருக்காரா, நடுவுல சிக்கல் வந்தப்போ என்ன பண்ணாருன்னு பாக்க எங்களுக்கு இருக்குற ஒரே இடம் ப்ராஜெக்ட்தான். இன்டர்வியூ முடிஞ்சதும் நாங்க ஃபீட்பேக் ஃபார்ம் எழுதணும். அதுல "நல்லா பேசினார்"னு மட்டும் எழுதினா பத்தாது, இதை இவரே செஞ்சிருக்கார்னு காட்ட ஒரு உதாரணம் வேணும். அந்த உதாரணத்தை நீங்கதான் குடுக்கணும், நீங்க குடுக்கலேன்னா எங்களுக்கு எழுத ஒண்ணும் இருக்காது.

ஒரு கேஸ் எடுத்துப்போம். ஃபேஸ் ரெகக்னிஷன் அட்டெண்டன்ஸ் சிஸ்டம், இது ரொம்ப பேர் ரெஸ்யூமேல இருக்கும். பொதுவா வர்ற பதில் இப்படி இருக்கும்: "நாங்க ஃபேஸ் ரெகக்னிஷன் அட்டெண்டன்ஸ் சிஸ்டம் பண்ணோம், பைத்தான், ஓப்பன்சிவி, மைஎஸ்க்யூஎல் யூஸ் பண்ணோம், அக்யூரசி 98 சதவீதம்." அவ்வளவுதான், அதோட நிறுத்திடுவாங்க.

இந்தப் பதில்ல மூணு இடத்துல பிரச்சனை இருக்கு. முதல்ல அந்த "நாங்க". டீம்ல 4 பேர் இருந்திருப்பீங்க, நாங்க வேலைக்கு எடுக்கப் போறது உங்க ஒருத்தரை. "இதுல நீங்க எதைப் பண்ணீங்க"னு அடுத்த கேள்வி கண்டிப்பா வரும், அப்பவும் "எல்லாரும் சேர்ந்துதான் பண்ணோம்"னு சொன்னா, இவர் ஒண்ணும் பண்ணலையோன்னு சந்தேகம் வந்துடும், உண்மையிலயே நீங்க ராத்திரி முழுக்க உட்கார்ந்து பண்ணியிருந்தாலும் சரி.

ரெண்டாவது, டூல் பேரை வரிசையா சொல்றது. பேர் சொன்னா அடுத்து "ஏன்"னு கேப்போம். "அட்டெண்டன்ஸை ஒரு எக்ஸெல் ஷீட்ல வெச்சிருக்கலாமே, டேட்டாபேஸ் எதுக்கு?" இது மடக்குறதுக்காக கேக்குற கேள்வி கிடையாது. யோசிச்சு எடுத்த முடிவா, இல்ல எங்கயோ பாத்ததை அப்படியே போட்டதான்னு தெரிஞ்சுக்கத்தான் கேக்குறோம்.

மூணாவதுதான் ரொம்ப மோசமா போறது, அந்த 98. "எத்தனை பேர் போட்டோ வெச்சு டெஸ்ட் பண்ணீங்க, ட்ரெயின் பண்ண அதே போட்டோவா, வேற போட்டோவா?"னு கேட்டதும் அமைதி ஆயிடுவாங்க. ட்ரெயின் பண்ண போட்டோவையே திருப்பிக் குடுத்து செக் பண்ணா நம்பர் அழகாத்தான் வரும், ஆனா புதுசா ஒரு போட்டோ வந்தா என்ன ஆகும்னு அதுலேர்ந்து தெரியாது. தனக்கே புரியாத ஒரு நம்பரை ரெஸ்யூமேல போட்டிருக்கார்னு பட்டுட்டா, மத்த வரிகளையும் அதே கண்ணோடதான் பாப்போம்.

இப்ப அதே ப்ராஜெக்டை அதே ஆள் எப்படி சொல்லியிருக்கலாம்னு பாருங்க:

"கிளாஸ்ல பேர் கூப்பிட்டு அட்டெண்டன்ஸ் எடுக்கறதுல நேரம் போகுது, அதைக் குறைக்க கேமரா வழியா எடுக்குற மாதிரி 4 பேர் சேர்ந்து பண்ணோம். என் பங்கு டேட்டாபேஸ், அப்புறம் டெஸ்டிங். முதல்ல ஒரு ஆள் கேமரா முன்னாடி நின்னுட்டே இருந்தா அவருக்கு அட்டெண்டன்ஸ் திரும்பத் திரும்ப பதிவாச்சு. ஸ்டூடன்ட் ஐடி, தேதி, பீரியட் மூணையும் சேர்த்து யூனிக் கன்ஸ்ட்ரெயின்ட் போட்டேன், அதுக்கப்புறம் ஒரு பீரியடுக்கு ஒரு பதிவுதான் விழும். டெஸ்டிங்குக்கு 30 பேர்கிட்ட ஆளுக்கு 10 போட்டோ எடுத்தோம், 8 ட்ரெயினிங்குக்கு, 2 டெஸ்டுக்கு. டெஸ்ட் பண்ண 60 போட்டோல 51 சரியா வந்துச்சு, 85 சதவீதம். தப்பான 9ல பெரும்பாலும் வெளிச்சம் கம்மியா இருந்த போட்டோ. இன்னொரு தடவை பண்ணா வேற வேற வெளிச்சத்துல போட்டோ எடுத்து ட்ரெயின் பண்ணுவேன்."

சத்தமா சொன்னா ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல வரும், அது போதும். 98ஐ விட இந்த 85 பல மடங்கு நம்பிக்கை குடுக்குது, ஏன்னா எது தப்பாச்சு, ஏன் தப்பாச்சுன்னு இவருக்குத் தெரியுது. எக்ஸெல் கேள்விக்கும் பதில் உள்ளயே இருக்கு, ஒரே பதிவு ரெண்டு தடவை விழாம டேட்டாபேஸே பாத்துக்குது. எனக்கு எழுத உதாரணமும் கிடைச்சுடுச்சு.

கோடிங் இல்லாத டிகிரிக்கும் இதே கதைதான். காமர்ஸ் பசங்க கஸ்டமர் சாட்டிஸ்ஃபேக்ஷன் சர்வே பண்ணியிருப்பாங்க, 100 பேர் பதில் சொன்னாங்கன்னு இருக்கும். அந்த 100 பேர் யாருன்னு கேப்போம். ஃப்ரெண்ட்ஸ் குரூப்ல ஃபார்ம் லிங்க் போட்டு வாங்கினதுன்னா அதை அப்படியே சொல்லிடுங்க, "எல்லாரும் ஏறக்குறைய ஒரே வயசு, அதனால இந்த ரிசல்ட்டை எல்லா கஸ்டமருக்கும் பொருத்த முடியாது"ன்னும் சேர்த்து சொல்லுங்க. அந்த ஒரு வரியே போதும், சர்வேயோட எல்லை எதுன்னு தெரிஞ்சவர்னு புரிஞ்சுப்போம்.

ப்ராஜெக்டை வெளியில வாங்கினவங்க, சீனியர்கிட்ட எடுத்தவங்க இருக்கீங்கன்னு எங்களுக்குத் தெரியும். அதை மறைச்சுப் பேசறது ரெண்டாவது கேள்வியைத் தாண்டாது. கைல ஒரு வாரம் இருந்தாலும், அந்த ப்ராஜெக்ட் கோடை உங்க மெஷின்ல ஓட வைங்க, ஒரு பட்டனை அழுத்தினதுலேர்ந்து டேட்டாபேஸ்ல பதிவாகுற வரைக்கும் என்ன நடக்குதுன்னு பேப்பர்ல வரைஞ்சு பாருங்க, அப்புறம் சின்னதா ஒரு மாற்றம் நீங்களே பண்ணுங்க, வராதவங்க லிஸ்ட்டை தனியா எடுக்குற மாதிரி ஏதாவது. இன்டர்வியூல "அடிப்படை கோட் என்னோடது இல்ல, இந்தப் பகுதி நான் சேர்த்தது"ன்னு சொல்லி அதை விளக்குங்க. எல்லாமே நான்தான்னு சொல்லிட்டு முழிக்கிறவரை விட இவரைத்தான் நான் அடுத்த ரவுண்டுக்கு அனுப்புவேன்.

டீம் லீட்னு போட்டிருந்தா வேலையை எப்படிப் பிரிச்சீங்க, ஒருத்தர் முடிக்கலேன்னா என்ன பண்ணீங்கன்னு ஹெச்ஆர் ரவுண்ட்ல கேப்போம். அங்க டீம் மேட்டைக் குறை சொல்ல ஆரம்பிச்சுடாதீங்க, நீங்க என்ன பண்ணீங்கங்கறதுதான் கேள்வி.

இன்னொண்ணு, தெரியாத கேள்வி வந்தா வெறும் "தெரியாது"ன்னு முடிச்சுடாதீங்க, தெரிஞ்ச மாதிரி கதையும் விடாதீங்க. "இதுவரைக்கும் எனக்குத் தெரியும், அதுக்கு மேல நாங்க ட்ரை பண்ணல, இப்படி இருக்கலாம்னு நினைக்கிறேன்"னு ஊகத்தை ஊகம்னே சொல்லுங்க. சொல்லிட்டு வீட்டுக்குப் போனதும் அதே கேள்விக்குப் பதில் தேடி, ப்ராஜெக்ட்லயே ஓட வெச்சுப் பாத்துடுங்க, ஏன்னா நிறைய இடத்துல முதல் ரவுண்ட்ல எழுதின குறிப்பு அடுத்த ரவுண்ட் எடுக்கறவர் கையில இருக்கும், நீங்க தடுமாறின இடத்துலேர்ந்தே அவர் ஆரம்பிக்க வாய்ப்பு இருக்கு.