கணக்கு முடங்கியதும் சம்பளத்தை மீட்கப் போய்ச் செய்யும் தவறுகள்

மாசக் கடைசியில் சம்பளம் வரவானதாகக் குறுஞ்செய்தி வருகிறது. ஏடிஎம்மில் எடுக்கப் போனால் பணம் வரவில்லை. கிளையில் கேட்டால், "மேலிடத்து ஆர்டர், சைபர் கிரைம்" என்கிறார்கள். பணம் உள்ளே வரும், வெளியே போகாது. இதை டெபிட் ஃப்ரீஸ் என்பார்கள்.

பெரும்பாலும் நடப்பது இதுதான். யாரோ ஏமாந்தவர் 1930 எண்ணில் புகார் கொடுக்கிறார். அவருடைய பணம் எந்தெந்தக் கணக்கு வழியாகப் போனதோ, அத்தனையையும் நிறுத்தச் சொல்லி போலீசிடமிருந்து வங்கிகளுக்குக் கோரிக்கை போகிறது. உங்கள் கணக்கு அந்தச் சங்கிலியில் மூன்றாவதோ நான்காவதோ ஆக இருக்கலாம். உங்களுக்கு விஷயம் தெரியுமா என்று அந்தக் கட்டத்தில் யாரும் பார்ப்பதில்லை.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். பழைய போனை விற்றவருக்கு யுபிஐயில் 4,000 ரூபாய் வந்தது. அனுப்பியவரின் கணக்குக்கு அந்தப் பணம் ஒரு மோசடியிலிருந்து வந்திருக்கிறது. பத்து நாள் கழித்து 38,000 ரூபாய் சம்பளம் ஏறியது, மொத்தமும் மாட்டிக்கொண்டது.

இவர் செய்த முதல் தவறு, கிளை மேலாளரிடம் நாள்கணக்கில் வாதாடியது. போலீஸ் சொல்லி நிறுத்தியதை மேலாளரால் தானாக எடுத்துவிட முடியாது. அவரிடம் கேட்க வேண்டியது வேறு: புகாரின் ஒப்புகை எண், எந்த மாநிலத்தின் எந்தக் காவல் நிலையம், விசாரணை அதிகாரியின் மின்னஞ்சல், சர்ச்சைக்குரிய தொகை, அந்தப் பரிவர்த்தனையை அடையாளம் காட்டும் யுடிஆர் எண். இவற்றை எழுத்தில் வாங்குங்கள். இது கையில் இல்லாமல் அடுத்த அடி வைக்க முடியாது.

அடுத்த தவறு, "அந்த நாலாயிரத்தைத் திருப்பி அனுப்பிவிட்டால் சரியாகிவிடும்" என்று நினைத்தது. அனுப்பினாலும் புகார் பதிவிலேயே இருக்கும், முடக்கம் தானாக நீங்காது. பணத்தைத் திருப்பிக் கேட்பவர்தான் உண்மையான புகார்தாரர் என்பதற்கும் உத்தரவாதமில்லை. போலீசுக்குத் தெரியாமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். "கணக்கை நான் திறந்து தருகிறேன்" என்று போன் செய்பவரிடமும் பணமோ ஓடிபியோ கொடுக்காதீர்கள்.

மூன்றாவதுதான் எனக்கு மனசு கேட்காதது. அடுத்த மாசச் சம்பளமும் அதே கணக்கில் போய் விழும்வரை பலர் விட்டுவிடுகிறார்கள். முடக்கம் தெரிந்த அன்றே அலுவலகத்தில் சொல்லி, சம்பளப் பட்டியல் தயாராகும் முன் வேறு வங்கிக் கணக்கைக் கொடுங்கள். அந்தக் கணக்கிலிருந்து கடன் தவணை தானாகக் கழிக்கப்படுகிறது என்றால், கடன் கொடுத்தவருக்கும் முன்கூட்டியே எழுதுங்கள்.

விசாரணை அதிகாரிக்கு எழுதும்போது "என் கணக்கைத் திறந்துவிடுங்கள்" என்று மொட்டையாகக் கேட்பது இன்னொரு தவறு. அதற்குச் சம்மதிக்க அவர் தயங்குவார். இப்படிக் கேளுங்கள்: "சர்ச்சைக்குரிய ரூ.4,000-ஐ மட்டும் லியனாக நிறுத்திவைத்து, மீதியை நான் பயன்படுத்த அனுமதிக்குமாறு வங்கிக்குத் தெரிவிக்க வேண்டுகிறேன்." லியன் என்றால் கணக்கில் குறிப்பிட்ட தொகையை மட்டும் எடுக்க முடியாதபடி பிடித்துவைப்பது. தொகைக்கு மட்டும் லியன் என்பதை உயர்நீதிமன்றங்கள் பல வழக்குகளில் ஏற்றிருக்கின்றன. கடிதத்தோடு மூன்று மாதச் சம்பளச் சீட்டு, அலுவலகம் கொடுத்த சான்று, சம்பள வரவும் அந்த 4,000 வரவும் தனித்தனியாகக் குறிக்கப்பட்ட ஸ்டேட்மென்ட், போன் விற்ற உரையாடலின் படம் ஆகியவற்றை வையுங்கள். மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்பி, வங்கியில் இத்தகைய புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரிக்கும் நகல் போடுங்கள்.

சிலர் இந்தக் கடிதத்தில் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவைக் காட்டுவார்கள். கடன் வழக்குத் தீர்ப்பை நிறைவேற்ற நீதிமன்றம் சம்பளத்தை ஜப்தி செய்யும்போதுதான் அது உதவும். அங்கே முதல் 1,000 ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் தொட முடியாதவை. ஜீவனாம்சத் தீர்ப்பு என்றால் மூன்றில் ஒரு பங்குதான். போலீஸ் முடக்கத்துக்கு அந்தப் பங்கு விதி செல்லாது. அதனால்தான் எந்த அதிகாரத்தின் உத்தரவு என்பதை முதலில் தெரிந்துகொள்ளச் சொல்கிறேன்.

பதில் வராவிட்டால், அந்தக் காவல் நிலைய எல்லைக்குரிய மாஜிஸ்திரேட்டிடம், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸின் 503-வது பிரிவின் கீழ் வக்கீல் மூலம் மனு போடலாம். அதே சட்டத்தின் 106-வது பிரிவில் முடக்கினால் அதை மாஜிஸ்திரேட்டுக்கு உடனே தெரிவிக்க வேண்டியது போலீசின் கடமை. தெரிவித்தார்களா என்று மனுவில் கேளுங்கள். அதிலும் வழி பிறக்காவிட்டால் உயர்நீதிமன்றத்தில் ரிட்.

உத்தரவு வந்த பிறகும் வங்கி அதைப் பதிவேற்ற நேரமாகலாம். ஒப்புகை எண்ணோடு நினைவூட்டி, சிறு தொகையை எடுத்துப் பாருங்கள். மீதி 38,000 வெளியே வந்தாலும், அந்த 4,000 லியனில் இருக்கும்வரை கணக்கை மூடக் கேட்காதீர்கள்.