பார்சலில் சிக்கன் 65 காணோமா? அதற்கான பணம் திரும்பி வரும் பாதை

சாப்பாடு ஆர்டர் செய்து, பை வந்து, பிரித்துப் பார்த்தால் ஒரு ஐட்டம் இல்லை. ஹெல்ப் பகுதியைத் தேடத் தெரிந்தவர்களுக்கும் அதற்கடுத்த கட்டம்தான் குழப்பம். எவ்வளவு திரும்பி வரும், எங்கே வரும், வந்ததா வரவில்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இந்தியாவில் உள்ள டெலிவரி செயலிகளை மனதில் வைத்து எழுதுகிறேன். பட்டன் எந்த மூலையில் இருக்கும் என்பது செயலிக்குச் செயலி மாறும், பணம் போகும் பாதை பெரிதாக மாறாது.

1. தட்டில் கொட்டுவதற்கு முன் ஒரு படம்

பையின் மேல் ஒட்டியிருக்கும் பில்லும் வந்த டப்பாக்கள் எல்லாமும் ஒரே படத்தில் தெரிய வேண்டும். டப்பாக்களைத் தனித்தனியாக எடுத்த படங்களால் பயன் குறைவு, ஏனென்றால் இல்லாத பொருளை அவற்றில் காட்ட முடியாது. பையில் ஒட்டிய சீல் கிழிந்து வந்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

டெலிவரி தம்பியிடம் சண்டை போட வேண்டாம். பை கட்டியது உணவகம், அவர் அதைத் திறந்து பார்க்கவும் கூடாது. உணவகத்துக்கு நேரடியாகப் போன் செய்வதும் பெரும்பாலும் வீண். பணம் செயலியிடம் இருக்கிறது, அவர்களும் "ஆப்ல கம்ப்ளெயின்ட் போடுங்க சார்" என்றுதான் சொல்வார்கள்.

2. புகாரை அந்த ஆர்டருக்குள்ளிருந்தே தொடங்குங்கள்

பொதுவான சாட் பக்கத்தில் தொடங்காமல், ஆர்டர் வரலாற்றில் அந்த ஆர்டரைத் திறந்து, ஹெல்ப் போய், பொருள் குறைகிறது என்பதைத் தேர்ந்தெடுத்து, வராத ஐட்டத்தை மட்டும் டிக் செய்யுங்கள். இதை அன்றே செய்வது நல்லது. நேரம் கடந்தால் அந்தப் பட்டனே மறைந்துவிடும்.

காம்போ வாங்கியவர்களுக்கு இங்கே ஒரு சிக்கல் உண்டு. "பிரியாணி + கிரேவி + தயிர் பச்சடி" என்று ஒரே விலையில் வாங்கினால் பட்டியலில் காம்போ ஒரே வரியாகத்தான் இருக்கும். அதை டிக் செய்தால் மொத்த காம்போவும் வரவில்லை என்று பதிவாகி, படத்தில் பிரியாணி டப்பா தெரிவதால் புகார் நிராகரிக்கப்படலாம். அப்போது டிக் செய்யாமல் சாட்டுக்குப் போய், "காம்போவில் கிரேவி மட்டும் இல்லை" என்று எழுதிப் படத்தைச் சேர்ப்பதுதான் சரி.

3. எவ்வளவு வர வேண்டும்: கணக்கை நீங்களே போடுங்கள்

மெனுவில் 180 ரூபாய் போட்டிருக்க, 151 ரூபாய் 20 காசு திரும்பி வந்தால் ஏமாற்றிவிட்டார்கள் என்று தோன்றும். அவசரப்படாமல் பில்லைப் பாருங்கள்.

பிரியாணி 2, தலா 220 வீதம் 440 ரூபாய். சிக்கன் 65 ஒன்று 180. பரோட்டா 4 சேர்ந்து 80. மொத்தம் 700. கூப்பனில் 140 கழிவு, மீதி 560. பேக்கிங் 20 சேர்த்து 580. அதற்கு 5 சதவீத ஜிஎஸ்டி 29, ஆக 609. டெலிவரியும் பிளாட்பார்ம் கட்டணமும் வரியோடு 46. கட்டியது 655 ரூபாய்.

வராதது சிக்கன் 65. கூப்பன் கழிவு 700-க்கு 140, அதாவது 20 சதவீதம். அந்தக் கழிவு ஒவ்வொரு ஐட்டத்தின் மேலும் அதே விகிதத்தில் பரவும். எனவே சிக்கன் 65-க்கு நீங்கள் உண்மையில் கொடுத்தது 144. அதன் மேல் 5 சதவீத வரி 7 ரூபாய் 20 காசு. கூட்டினால் 151.20. டெலிவரிக் கட்டணம் பொதுவாகத் திரும்பாது, மற்ற பொருட்கள் வந்து சேர்ந்துவிட்டனவே.

வெறும் 144 வந்திருந்தால் வரியை விட்டுவிட்டார்கள், கேளுங்கள். வராத பொருளுக்கு வாங்கிய வரியும் உங்கள் பணம்தான்.

4. வாலட்டா, பணம் கட்டிய இடமா?

எல்லோரும் வேகமாகத் தாண்டிப் போவது இந்தத் திரையைத்தான், நான் அதிக நேரம் நிற்பதும் இங்கேதான். புகார் ஏற்கப்பட்டதும் இரண்டு வழிகள் காட்டுவார்கள். ஒன்று, செயலியின் வாலட் அல்லது கிரெடிட், "உடனே" என்ற வார்த்தையோடு பளிச்சென்ற நிறத்தில். மற்றொன்று, "Original payment mode", சில வேலை நாட்கள் ஆகும் என்ற குறிப்போடு கீழே சின்னதாக. சில இடங்களில் வாலட்டை முன்கூட்டியே தேர்வு செய்து வைத்திருப்பார்கள்.

என் கட்சி இரண்டாவது வழி. உங்களுக்கும் விற்பவருக்கும் நடுவில் நின்று பணத்தை வாங்கிக் கொடுக்கும் பேமெண்ட் அக்ரிகேட்டர்களுக்கு ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் விதியிலேயே, வாடிக்கையாளர் வேறு வழிக்குத் தானே சம்மதித்தால் ஒழிய ரீஃபண்ட் பணம் கட்டிய வழியிலேயே போக வேண்டும் என்று இருக்கிறது. அந்தப் பளிச்சென்ற பட்டனை அழுத்துவது அந்தச் சம்மதம். அழுத்தியபின் வங்கிக்கு மாற்றச் சொன்னால் பெரும்பாலும் முடியாது என்பார்கள்.

வாலட்டிலும் இரண்டு ரகம் உண்டு. பல நிறுவனங்களிடம் செலவழிக்கக்கூடிய, ரிசர்வ் வங்கி அனுமதி பெற்ற வாலட் ஒரு ரகம். அந்தச் செயலிக்குள் மட்டும் செல்லும் கிரெடிட் இன்னொரு ரகம். இரண்டாவது ரிசர்வ் வங்கியின் ஒழுங்குமுறைக்குள் வராது. காலாவதி தேதி, குறைந்தபட்ச ஆர்டர் தொகை எல்லாமே அந்த நிறுவனம் வைக்கும் விதிதான். கிரெடிட் என்று எழுதியிருந்தால் பக்கத்தில் உள்ள "T&C" என்பதைத் தொட்டுக் காலாவதி தேதியைப் பாருங்கள். வாரம் தவறாமல் அதே செயலியில் ஆர்டர் செய்பவர் வாலட்டை எடுத்தால் நஷ்டமில்லை. எப்போதாவது ஆர்டர் செய்பவர் எடுத்தால் அந்தப் பணத்தை மறந்தே போவார்.

கேஷ் ஆன் டெலிவரியில் ரொக்கமாகக் கொடுத்திருந்தால் பணம் திரும்பிப் போக ஒரு கணக்கு இல்லை. கிரெடிட்டாகத் தருவார்கள், அல்லது செயலிக்குள்ளேயே யுபிஐ ஐடி கேட்பார்கள்.

5. எண்ணை வாங்கி வையுங்கள்

"ரீஃபண்ட் செய்துவிட்டோம்" என்று செய்தி வந்ததும் வேலை முடிந்ததாக நினைக்க வேண்டாம். ஆர்டருக்குள் ரீஃபண்ட் விவரம் இருக்கும். யுபிஐ என்றால் 12 இலக்க எண், சில இடங்களில் "UTR" என்றும் சில இடங்களில் "RRN" என்றும் இருக்கும். கார்டு என்றால் "ARN" எனப்படும் 23 இலக்க எண். விவரத்தில் இல்லையென்றால் சாட்டில் கேட்டு வாங்குங்கள். வங்கியிடம் "பணம் வரலீங்க" என்றால் அவர்களால் ஒன்றும் தேட முடியாது, எண்ணைக் கொடுத்தால் தேடுவார்கள்.

இனி பணத்தைத் தேடும் இடம். யுபிஐ செயலியின் வரலாற்றை மட்டும் பார்த்துவிட்டு வரவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். ரீஃபண்ட் அங்கே புது வரியாகத் தெரியாமல் போகலாம். வங்கிக் கணக்கின் ஸ்டேட்மென்டைத் திறந்து 151.20 என்ற தொகையைத் தேடுங்கள். டெலிவரி செயலியின் பெயரைத் தேடினால் கிடைக்காமல் போகலாம், ஏனென்றால் நடுவில் உள்ள பேமெண்ட் கேட்வேயின் பெயரில் வரவு விழுவது சாதாரணம். கிரெடிட் கார்டில் பழைய 655 ரூபாய் குறையாது. அது அப்படியே இருக்கும், தனி வரியில் 151.20, வரவைக் குறிக்கும் "CR" என்பதோடு வரும். பில் தேதி நடுவில் விழுந்தால் அந்த வரி அடுத்த மாத ஸ்டேட்மென்டில்தான் இருக்கும்.

யுபிஐயில் பொதுவாகச் சில நாட்களிலும், கார்டில் ஒரு வாரம் அளவிலும் வந்துவிடும். "தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியை இதோடு சேர்க்காதீர்கள். ரிசர்வ் வங்கியின் 2019 சுற்றறிக்கையில் உள்ள அந்த இழப்பீடு, பரிவர்த்தனை தோல்வியடைந்தும் கணக்கிலிருந்து பணம் போய்விட்ட கேஸ்களுக்கு. உங்கள் பேமெண்ட் வெற்றிகரமாக முடிந்தது, குறைந்தது பொருள்.

6. மறுத்துவிட்டால்

சாட்டில் ஒரே பதில் திரும்பத் திரும்ப வந்தால் அங்கேயே மல்லுக்கட்ட வேண்டாம். செயலியின் உதவிப் பக்கத்தில் குறைதீர் அலுவலரின் மின்னஞ்சல் இருக்கும். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் விதிகளின்படி, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் அவர் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ஆர்டர் எண், படம், மேலே போட்ட கணக்கு, சாட்டின் ஸ்கிரீன்ஷாட், நாலே வரி போதும். அதற்கும் அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அல்லது consumerhelpline.gov.in.

பணத்தை அனுப்பியதற்கு எண் இருக்கிறது, ஆனால் கணக்கில் ஏறவில்லை என்றால் அது வங்கியின் விஷயம். முதலில் வங்கியில் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி ஓம்பட்ஸ்மேனிடம் cms.rbi.org.in வழியாகப் போகலாம்.

பின்சேர்க்கை (வாசகர்கள் கேட்டவை)

ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயில் இணைத்துக் கட்டிய ஒருவர், வங்கிக் கணக்கில் பணம் வரவில்லை என்று எழுதியிருந்தார். யுபிஐ வழியாகப் போனாலும் பணம் கிளம்பியது கார்டிலிருந்து, எனவே திரும்புவதும் கார்டுக்குத்தான். ஆபீசில் கொடுக்கும் மீல் கார்டுக்கும் இதேதான். நண்பரின் போனில் ஸ்கேன் செய்து கட்டியிருந்தால் பணம் நண்பருக்குப் போகும், அவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பழைய வாலட் பணம் 55 ரூபாயும் யுபிஐயில் 600-ம் சேர்த்துக் கட்டினால் எப்படிப் பிரியும் என்று இன்னொருவர் கேட்டார். இது செயலியின் விருப்பம். ரீஃபண்ட் விவரத்தில் இரண்டு வரிகள் இருக்கிறதா என்று பாருங்கள், இரண்டின் கூட்டுத்தொகை 151.20 வந்தால் சரி.

அப்புறம், கஸ்டமர் கேர் எண்ணை இணையத்தில் தேடி அழைக்காதீர்கள். தேடலில் முதலில் வரும் எண் மோசடிக்காரர் போட்டதாக இருக்கலாம். பணம் வருவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை, க்யூஆர் ஸ்கேனும் தேவையில்லை. "ரீஃபண்டுக்கு பின் போடுங்க மேடம்" என்று யாராவது சொன்னால் உடனே போனை வைத்துவிட்டு, ஏற்கெனவே பின் போட்டிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.