ஃபெலோஷிப் கவர் லெட்டர்: உங்கள் துறை தெரியாத குழுவிடம் பயனை எப்படிச் சொல்வது

பிஎச்டி முடித்த கையோடு வெளிநாட்டுக்கு வந்து, முதல்முறையாகச் சொந்தப் பெயரில் ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு பேராசிரியரிடம் இடம் கேட்டு எழுதும் மடலும் இந்தக் கடிதமும் ஒன்றல்ல. அவருக்கு உங்கள் துறை தெரியும். இங்கே பல திட்டங்களில் உங்கள் நுட்ப விவரங்களை வெளி நிபுணர்கள் தனியாக மதிப்பிட்டு அனுப்பிவிடுவார்கள். பிறகு உட்கார்ந்து முடிவெடுக்கும் குழுவில் ஒரு வரலாற்றாசிரியர், ஒரு கணிதக்காரர், ஒரு தாவரவியலாளர் என்று பலரும் இருப்பார்கள். உங்களுடைய கான்கிரீட்டையும் இன்னொருவருடைய கல்வெட்டையும் பக்கத்தில் வைத்து அவர்கள் ஒப்பிட வேண்டும். உங்கள் விண்ணப்பத்தை அங்கே எடுத்துச் சொல்லப் போகிறவருக்கே அது பழக்கமில்லாத துறையாக இருக்கலாம். அவர் வாயில் அப்படியே வரக்கூடிய நான்கு வாக்கியங்களைக் கொடுப்பதுதான் இந்தக் கடிதத்தின் வேலை.

சமூகப் பயன் பற்றிய பத்தி ஒப்புக்கு எழுதுவது என்று நினைக்க வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி ஸ்க்வோடோவ்ஸ்கா கியூரி போஸ்ட்டாக் ஃபெலோஷிப்பில் ஆய்வின் தரத்துக்கு 50 சதவீதம், தாக்கத்துக்கு 30, செயல்படுத்தும் திட்டத்துக்கு 20 என்று எடை பிரித்திருக்கிறார்கள். அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளையோ அறிவுசார் தகுதி, பரந்த தாக்கம் என்ற இரண்டே அளவுகோல்களை வைத்துத்தான் பார்க்கிறது.

சரி, ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். விண்ணப்பிப்பவர் கட்டுமானப் பொறியாளர். பாலங்களில் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி எவ்வளவு வேகமாகத் துருப்பிடிக்கிறது என்று அளப்பது அவர் வேலை. கடிதத்தின் முதல் வரைவில் பயன் பற்றி இப்படி எழுதியிருக்கிறார் என்று வையுங்கள்:

"அரிப்பினால் உலகப் பொருளாதாரத்துக்கு ஆண்டுக்கு 2.5 டிரில்லியன் டாலர் இழப்பு ஏற்படுகிறது. ஈரப்பதத்தைக் கருத்தில்கொண்ட நேர்கோட்டு முனைவாக்க மாதிரி ஒன்றை உருவாக்கும் இந்த ஆய்வு, நிலையான உள்கட்டமைப்புக்கும் பொதுமக்களின் பாதுகாப்புக்கும் பெரும் பங்காற்றும்."

அந்த 2.5 டிரில்லியன் பொய்யில்லை. அரிப்புப் பொறியாளர்களின் சங்கமான நேஸ் இன்டர்நேஷனல் 2016-இல் வெளியிட்ட மதிப்பீடு அது. ஆனால் குழாய், கப்பல், கார், தொழிற்சாலை என்று உலகத்தில் உள்ள எல்லா அரிப்பும் அந்தக் கணக்கில் சேர்ந்திருக்கிறது. இரண்டு வருட ஃபெலோஷிப் அதில் எந்த மூலையைத் தொடும் என்று அந்த எண் சொல்வதில்லை. அரிப்பைப் பற்றி எழுதும் பலரும் இதே எண்ணில்தான் தொடங்குவார்கள் என்பது வேறு விஷயம். இரண்டாவது வாக்கியத்தில் முதல் பாதி நிபுணருக்கு மட்டும் புரியும். மறுபாதியை வெட்டி வேறு யாருடைய விண்ணப்பத்தில் ஒட்டினாலும் பொருந்திப் போகும். பயன் பத்தி பலவீனமாக இருக்கிறதா என்று கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த நல்ல சோதனை இதுதான்.

திருத்த வேண்டுமென்றால் "உலகத்துக்கு என்ன நன்மை" என்று யோசிப்பதை விட்டுவிட்டு ஒரு ஆளைப் பிடியுங்கள். இங்கே அந்த ஆள் பாலப் பராமரிப்புப் பொறியாளர். இப்போது அவர் என்ன செய்கிறார்? கம்பியில் மிகச் சிறிய மின்னோட்டத்தைச் செலுத்தி, மின்னழுத்தம் எவ்வளவு நகர்கிறது என்று பார்த்து, துருப்பிடிக்கும் வேகத்தைக் கணக்கிடுகிறார். அவருக்கு எங்கே இடிக்கிறது? கான்கிரீட் ஈரமாக இருக்கும் நாளில் ஒரு எண், காய்ந்திருக்கும் நாளில் வேறு எண். போன வருடத்தைவிட இந்த வருடம் அளவு கூடியிருந்தால் நிஜமாகவே துரு முற்றிவிட்டதா, முந்தின வாரம் மழை பெய்ததா என்று அவரால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆய்வின் விடை கையில் கிடைத்தால் அவர் எதை மாற்றிச் செய்வார்? எந்தத் தூணை முதலில் உடைத்துப் பழுதுபார்ப்பது என்ற வரிசையை மாற்றுவார். பயன் என்பது அந்த வரிசைதான்.

இதை வைத்து எழுதினால் பத்தி இப்படி வரும்:

"பாலத்துக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்தால், துரு இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொண்டு கான்கிரீட்டைப் பிளக்கிறது. வெளியே விரிசல் தெரியும்போது உள்ளே சேதம் வெகுவாக முன்னேறியிருக்கும். அதற்கு முன்பே துருவின் வேகத்தை அளக்கும் கருவிகள் இருக்கின்றன. ஆனால் மழைக்குப் பின் எடுத்த அளவையும் கோடையில் எடுத்த அளவையும் ஒப்பிட முடிவதில்லை. ஈரத்தின் பங்கைக் கழித்துவிட்டு இரண்டையும் ஒப்பிடும் முறையை நான் உருவாக்குவேன். பராமரிப்புப் பொறியாளர்கள் ஏற்கெனவே வைத்திருக்கும் கருவியோடும் பழைய பதிவுகளோடும் இதைப் பயன்படுத்தி, எந்தத் தூண் காத்திருக்கலாம், எது காத்திருக்க முடியாது என்று தீர்மானிக்கலாம். ஃபெலோஷிப் காலத்துக்குள் ஆய்வகத்தில் வார்த்த கான்கிரீட் பலகைகளிலும் பயன்பாட்டில் உள்ள ஒரு பாலத்திலும் இதைச் சோதிப்பேன். எல்லா வகை கான்கிரீட்டுக்கும் பொருந்துமா என்பது அதற்குப் பிந்தைய வேலை."

கடைசி வாக்கியத்தை நீக்கச் சொல்லிப் பலர் ஆலோசனை தருவார்கள். நான் நீக்க மாட்டேன். எல்லையைத் தானே சொல்லும் விண்ணப்பத்தை நம்புவது துறை தெரியாதவருக்குச் சுலபம், ஏனென்றால் மற்ற உரிமைகோரல்களைச் சரிபார்க்க அவரிடம் வேறு வழியே இல்லை. ஆனால் உண்மையாக இருந்தாலும் கடிதத்தில் வேண்டாத நுணுக்கங்களும் உண்டு. தண்ணீரில் முழுக்க மூழ்கிய கான்கிரீட்டில் ஆக்சிஜன் எளிதில் போய்ச் சேராததால் துருவின் வேகம் குறைந்துவிடும். "ஈரம் கூடினால் எண் கூடும்" என்ற எளிய கதையை இது கெடுக்கிறது. அதனால்தான் மேலே இருக்கும் பத்தி கூடும், குறையும் என்று எங்கும் சொல்லாமல் "ஒப்பிட முடிவதில்லை" என்று நிறுத்திக்கொள்கிறது. எளிமையாக்கும்போது பொய் சொல்லாமல் தப்பிக்கும் வழி இது. நுணுக்கம் ஆய்வுத் திட்டத்துக்குள் இருக்கட்டும்.

நம் ஆட்களின் எழுத்துப் பழக்கம் ஒன்று இங்கே இடிக்கும். "ஆய்வு மேற்கொள்ளப்படும்", "மாதிரி உருவாக்கப்பட்டது" என்று ஆளே இல்லாமல் எழுதியே வளர்ந்திருக்கிறோம். "நான்" என்று எழுதினால் தலைக்கனம் போலத் தோன்றும். ஃபெலோஷிப் தனி ஆளுக்குத் தரப்படுவது. யார் செய்தது என்று தெரியாத வேலைக்கு உங்களுக்கு மதிப்பெண் போட முடியாது. கூட்டு வேலை என்றால் "அளவீடுகளை நான் எடுத்தேன், மாதிரியைக் குழு உருவாக்கியது" என்று பிரித்துவிடுங்கள். தங்கப் பதக்கம், ரேங்க் எல்லாம் சிவியில் இருக்கிறது, கடிதத்தில் அவற்றுக்கு இடம் ஒதுக்க வேண்டாம். "தங்கள் மேலான பரிசீலனைக்கு" வகையறாவுக்கும் அதே கதிதான்.

எழுதி முடித்ததும் வேறு துறை நண்பர் ஒருவரிடம் படிக்கக் கொடுத்து, தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு, என்ன செய்யப் போகிறேன் என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். "ஏதோ துருப்பிடிக்காமல் தடுக்கப் போகிறாய்" என்றால் பத்தி தோற்றுவிட்டது, ஏனென்றால் நீங்கள் எதையும் தடுக்கவில்லை, அளக்கிறீர்கள். அவர் தடுமாறும் வாக்கியத்தை விளக்க ஆரம்பிக்காதீர்கள். குழுவின் முன்னால் விளக்க நீங்கள் இருக்க மாட்டீர்கள்.

அப்புறம், அந்தப் பராமரிப்புப் பொறியாளர் கற்பனை ஆளாக இருக்கக் கூடாது. பாலத்தில் அளக்க அனுமதி தரப்போவது யார் என்று கடிதத்தில் ஒரு வரி இருந்தால் பயன் பத்தி முழுதுக்கும் பலம் கூடும். ஊருக்குப் புதியவர் என்பதால் உங்களுக்கு அங்கே யாரையும் தெரியாது. உங்களை ஏற்கும் பேராசிரியரிடம் அறிமுகம் கேளுங்கள். பதில் வரவே வாரக்கணக்கில் ஆகும், ஒப்புதல் மடலுக்கு அதன் மேலும் ஆகும். ஆகவே கடிதத்தின் முதல் வரியை எழுதுவதற்கு முன்பே அந்த மின்னஞ்சலை அனுப்பிவிடுங்கள். ஒப்புதல் வராத நிறுவனத்தின் பெயரைக் கூட்டாளி என்று போடாதீர்கள். "பேச்சு நடக்கிறது" என்பது உண்மையானால் அதையே எழுதலாம்.