35,700 ரூபாய் எங்கே போனது?

கடனை அடைக்க முடியாமல் நொடித்துப்போன சென்னை மளிகைக் கடைக்காரர் ஒருவரின் சொத்தையும் கடனையும் காட்டும் நொடிப்பு நிலை அறிக்கையில் பற்றாக்குறை 1,28,300 வந்தது. அது எப்படி ஏற்பட்டது என்று காட்டும் பற்றாக்குறைக் கணக்கிலோ 1,64,000. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். இதில் மூன்று நாள் போனது.

முதலில் சரக்கு மதிப்பையும் வராக்கடன் மதிப்பீட்டையும் மாற்றிப் பார்த்தேன். வீண்வேலை. அவற்றை மாற்றினால் இரு பக்கமும் சேர்ந்தே நகரும், வித்தியாசம் அப்படியே நிற்கும். ஆகவே பிழை கடன் பட்டியலில்தான்.

1909ஆம் ஆண்டு மாகாணத் தலைநகர் நொடிப்புச் சட்டப்படி, எழுத்தர் சம்பளத்தில் 300 ரூபாய்க்கும், வாடகையில் ஒரு மாதத்துக்கும் மட்டுமே முன்னுரிமை. சம்பள பாக்கி 20,000. வாடகை பாக்கி மாதம் 8,000 வீதம் மூன்று மாதம், 24,000. முன்னுரிமைப் பட்டியலில் 8,300 சரியாகவே இருந்தது. மீதி 19,700ம் 16,000ம் எந்தப் பட்டியலிலும் இல்லை!

அந்த 35,700ஐப் பிணையற்ற கடனீந்தோரின் 3,00,000த்தோடு சேர்த்தேன்: 3,35,700. சொத்துகள் தேறும் 1,80,000இல் முன்னுரிமைக் கடன் போக 1,71,700. பற்றாக்குறை 1,64,000, பொருந்திவிட்டது. அப்பாடா!

சென்னை, மும்பை, கொல்கத்தா நகரங்களுக்கு வெளியே 1920ஆம் ஆண்டு மாகாண நொடிப்புச் சட்டம். அதில் வாடகைக்கு முன்னுரிமையே கிடையாது, முழு 24,000மும் பிணையற்றதில்தான் போகும்.