ஒரு நிமிஷ வீடியோவை எடிட் பண்ண எத்தனை மணித்தியாலம் போகுது?

அடுத்த கிழமைக்கு வேலை ஒப்புக்கொள்ள முதல், கடைசியாக முடித்துக் கொடுத்த மூன்று வீடியோக்களுக்கும் போன மொத்த மணித்தியாலத்தை, அவற்றின் மொத்த நிமிஷத்தால் பிரித்துப் பாருங்கள். ஃபுட்டேஜை கொப்பி பண்ணுவது முதல் வாடிக்கையாளர் கேட்ட கடைசித் திருத்தம் வரை எல்லா நேரமும் இதில் சேர வேண்டும்; அதற்கு ஒவ்வொரு வீடியோவையும் தொடங்கும்போதே போனில் டைமர் வையுங்கள்.

வெள்ளவத்தைக் கலியாணம் ஒன்றின் 5 நிமிஷ ஹைலைட்டை "ஆறு மணித்தியால வேலை" என்றுதான் நினைத்திருந்தேன். டைமர் காட்டியது 10. வெட்டி ஒட்டியது நாலரைதான். மூன்று கமராவின் கிளிப்புகளைப் பார்த்துத் தெரிந்தெடுக்கப் போனது மூன்று, மிச்சம் கலரும், "மாமியைக் காணேல்லை" வகைத் திருத்தங்களும். மனக்கணக்கில் வெட்டுற நேரம் மட்டும்தான் நிற்கும், அதுதான் பிசகு. நிமிஷத்துக்கு 2 மணித்தியாலம் என்றால், கிழமைக்கு 30 மணித்தியாலம் இருக்கிறவருக்கு 15 நிமிஷம்தான் தாங்கும்.

முழுச் சடங்கு வீடியோவுக்கு இந்த எண் பொருந்தாது. அங்கே ஷொட்டுகள் நீளம், வெட்டு குறைவு. அதற்குத் தனி எண் எடுங்கள். 30 விநாடி ரீலுக்கு நிமிஷக் கணக்கே வேண்டாம்: பாட்டுத் தேடவே அரை மணித்தியாலம் போகும், ஒரு ரீலுக்கு இவ்வளவு என்று வையுங்கள்.